ஒரே எந்திரம், இரண்டு இலாபங்கள்: தேய்மான முறை குறித்து எழுந்த கேள்விகள்

அம்பத்தூரில் சிறுதொழில் நடத்துவோர் சிலருக்கும், அவர்களுடைய கணக்காளர்களுக்கும், ஆடிட்டர் அலுவலகங்களில் பயிற்சி பெறும் மாணவர்களுக்குமாக, எந்திரத்தின் விலையை அதன் ஆயுள் முழுவதற்கும் பகிர்ந்து செலவாக எழுதும் தேய்மான முறைகளைப் பற்றி அண்மையில் ஒரு மணி நேரம் உரையாற்றினேன். உரையைவிட அதன் பின் வந்த கேள்விகளே நீண்ட நேரம் பிடித்தன. ஒரு மணி நேரத்தில் நான் சொல்ல முயன்றதை அந்தக் கேள்விகள் இன்னும் தெளிவாக வெளிக்கொணர்ந்தன என்பதால், அவற்றையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எழுந்தவர் கார் உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்றின் உரிமையாளர். “சார், என்னிடம் இருக்கும் சி.என்.சி. எந்திரமும் பக்கத்து ஷெட்காரரிடம் இருப்பதும் ஒரே மாடல், ஒரே விலை. வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அவருடைய பேலன்ஸ் ஷீட் காட்டும் இலாபத்தில் எனக்கு மூன்றில் இரண்டு பங்குதான் வருகிறது. யாருடைய கணக்கு தவறு?” என்று கேட்டார். இருவரும் தேய்மானத்தை எந்த முறையில் எழுதுகிறார்கள் என்று விசாரித்தபோது, அவர் குறைந்து செல் மதிப்பு முறையையும் அண்டை ஷெட்காரர் நேர்கோட்டு முறையையும் பின்பற்றுவது தெரிந்தது. இரண்டு கணக்குகளிலும் தவறு இல்லை. அந்த வேறுபாடு எப்படி உண்டாகிறது என்பதைக் கரும்பலகையில் ஓர் எடுத்துக்காட்டின் மூலம் போட்டுக் காட்டினேன். அதே எடுத்துக்காட்டை இக்கட்டுரை முழுவதற்கும் வைத்துக்கொள்வோம்.

எந்திரத்தின் விலை 1 கோடி ரூபாய். ஏப்ரல் 1 அன்று ஓடத் தொடங்கியது. நிறுவனங்கள் சட்டம், 2013-இன் இரண்டாம் அட்டவணை பொதுவகை எந்திரங்களுக்கு 15 ஆண்டு பயன்தரு ஆயுட்காலத்தைக் குறிப்பிடுகிறது. அந்த ஆயுளின் முடிவில் எஞ்சும் மதிப்பு பொதுவாக அடக்கவிலையில் 5 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே 5 இலட்சத்தை எஞ்சும் மதிப்பாக ஒதுக்கிவிட்டால், 15 ஆண்டுகளில் செலவாக எழுத வேண்டியது 95 இலட்சம். நேர்கோட்டு முறையில் அதை 15-ஆல் வகுத்து ஆண்டுதோறும் 6.33 இலட்சம் எழுதுகிறோம். குறைந்து செல் மதிப்பு முறையில், ஆண்டின் தொடக்கத்தில், அதுவரை எழுதிய தேய்மானம் போக மிஞ்சும் ஏட்டு மதிப்பின் மீது ஒரே விழுக்காட்டை ஒவ்வோர் ஆண்டும் கணக்கிடுகிறோம். 15-ஆம் ஆண்டின் முடிவில் சரியாக 5 இலட்சம் மிஞ்ச வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து அந்த விழுக்காடு கிடைக்கிறது:

```
1 − (5/100)^(1/15) = 0.181
```

அதாவது 18.1 விழுக்காடு. முதல் ஆண்டுத் தேய்மானம் 18.10 இலட்சம், இரண்டாம் ஆண்டில் 14.82, மூன்றாம் ஆண்டில் 12.14 என்று அது இறங்கிக்கொண்டே போகும். தேய்மானத்துக்கு முந்தைய இலாபம் இரு பட்டறைகளிலும் 40 இலட்சம் என்று கொண்டால், முதல் ஆண்டில் நேர்கோட்டுக்காரர் 33.67 இலட்சமும் மற்றவர் 21.90 இலட்சமும் வரிக்கு முந்தைய இலாபமாகக் காட்டுவார்கள். கேள்வி கேட்டவர் சொன்ன மூன்றில் இரண்டு பங்கு இதுதான்.

இங்கே ஒரு திருத்தத்தையும் சொல்ல வேண்டும். கரும்பலகையில் போட்ட கணக்கில் தேய்மானத்தின் முழு வேறுபாடும் அந்த ஆண்டின் இலாபத்திலேயே விழுவதாகக் காட்டியிருந்தேன். உற்பத்தி எந்திரத்தின் தேய்மானம் உற்பத்திச் செலவின் ஒரு பகுதி என்பதால், ஆண்டு முடிவில் விற்காமல் கிடங்கில் இருக்கும் பொருள்களின் மதிப்புக்குள்ளும் அதில் ஒரு பங்கு போய் உட்காரும். அந்தப் பொருள்கள் விற்கும் ஆண்டில்தான் அது செலவாக வெளிவரும். மார்ச் மாதத்தில் சரக்கு அதிகம் தேங்கும் பட்டறைகளில் இந்தப் பங்கைப் புறக்கணிக்க முடியாது. கணக்கு எளிமையாக இருக்கட்டும் என்பதற்காக, உற்பத்தி முழுவதும் அந்தந்த ஆண்டிலேயே விற்றுவிட்டதாக இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த கேள்வியை எதிர்பார்த்தே இருந்தேன். குறைந்து செல் மதிப்பு முறையால் இலாபம் குறைந்தால் வரியும் குறையுமல்லவா, அப்படியானால் அதுதானே ஆதாயம் என்று ஒரு கணக்காளர் கேட்டார். பல பட்டறைகளில் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது உண்மையில் மனத்தில் இருப்பது இந்த எண்ணம்தான். ஆனால் வருமான வரிக் கணக்கில் தேய்மானம் தனியாகக் கணக்கிடப்படுகிறது. ஒரே விகிதம் கொண்ட எந்திரங்களையெல்லாம் ஒரே சொத்துத் தொகுதியாகச் சேர்த்து, குறைந்து செல் மதிப்பு முறையில், பொதுவகை எந்திரங்களுக்கு 15 விழுக்காடு என்று வரிச் சட்டமே விகிதத்தை நிர்ணயிக்கிறது. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதிதான் கிடைக்கும். ஏட்டில் எந்த முறையை வைத்திருக்கிறோம் என்பதை அது பார்ப்பதே இல்லை. ஆகவே நம் எடுத்துக்காட்டில் இரு பட்டறைகளுக்கும் வரிக்கான தேய்மானம் 15 இலட்சம், வரிக்குரிய வருமானம் 25 இலட்சம். இருவரும் 22 விழுக்காட்டுச் சலுகை விகிதத்தைத் தெரிவு செய்த நிறுவனங்கள் என்று கொண்டால், கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து 25.168 விழுக்காடு ஆகிறது. இருவரும் கட்டும் வரி ஒரே தொகை, 6.29 இலட்சம். அந்தச் சலுகை விகிதத்துக்குள் வராமல், ஏட்டு இலாபத்தின் மீது கணக்கிடும் குறைந்தபட்ச மாற்று வரிக்கு உட்படும் நிறுவனங்களுக்கு மட்டும் ஏட்டில் வைத்திருக்கும் முறை வரியைத் தொடக்கூடும்.

வரி ஒன்றே என்றானபின், ஒருவர் 33.67 இலட்சத்தின் மீதும் மற்றவர் 21.90 இலட்சத்தின் மீதும் அதே 6.29 இலட்சத்தைக் கழிப்பது விந்தையாகத் தெரியும். அந்த இடைவெளியைத்தான் ஒத்திவைக்கப்பட்ட வரி என்ற பதிவு நிரப்புகிறது. நேர்கோட்டுக்காரர் ஏட்டில் 6.33 இலட்சம் மட்டுமே தேய்மானம் எழுதி, வரிக்கணக்கில் 15 இலட்சம் கழித்திருக்கிறார். அந்த 8.67 இலட்சக் கழிவை அவர் முன்கூட்டியே பெற்றுவிட்டார் என்பதால், பின்னாளில் வரவிருக்கும் வரியாக 2.18 இலட்சத்தை இப்போதே பொறுப்பாக எழுதிக்கொள்கிறார். மற்றவருக்கு நிலைமை தலைகீழ். ஏட்டில் கூடுதலாக எழுதிய 3.10 இலட்சத்துக்கான கழிவு பின்னால் கிடைக்கவிருக்கிறது என்பதால் 0.78 இலட்சம் சொத்தாகப் பதிவாகிறது. இதன் பிறகு வரிக்குப் பிந்தைய இலாபம் முறையே 25.19 இலட்சம், 16.39 இலட்சம். வங்கியில் இருக்கும் பணமோ இருவருக்கும் ஒரே அளவு. இந்த ஒரு செய்தி அரங்கில் இருந்த உரிமையாளர்கள் பலருக்குப் புதிதாக இருந்ததைக் கவனித்தேன். எந்திரத்துக்கான பணம் வாங்கும்போதே போய்விட்டது, அல்லது கடன் தவணையாகப் போய்க்கொண்டிருக்கிறது. தேய்மானப் பதிவால் ஒரு ரூபாய்கூட வெளியே போவதில்லை.

ஒரு மாணவி எழுந்து, முதல் ஆண்டில் கூடுதலாக எழுதியது பின்னால் குறைவாக எழுதும்போது சரியாகிவிடும்தானே, அப்படியிருக்க இதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும் என்று கேட்டார். ஒற்றை எந்திரத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. ஆறாம் ஆண்டில் குறைந்து செல் முறையின் தேய்மானம் 6.67 இலட்சமாக இறங்கியிருக்கும். ஏழாம் ஆண்டில் 5.46 இலட்சமாகி நேர்கோட்டின் 6.33-ஐவிடத் தாழ்ந்துவிடும். அதன் பிறகு இலாபம் அதிகமாகத் தெரிவது குறைந்து செல் முறைக்காரரின் ஏட்டில்தான். 15 ஆண்டுகளின் மொத்தம் இரண்டிலும் 95 இலட்சம்.

ஆனால் எந்தப் பட்டறையும் ஒரே எந்திரத்தை வாங்கிவிட்டு 15 ஆண்டு சும்மா இருப்பதில்லை. ஆண்டுக்கு ஓர் எந்திரம், ஒவ்வொன்றும் 1 கோடி என்று வாங்கிக்கொண்டே போகும் பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஆறாம் ஆண்டில் அதனிடம் ஒரு வயது முதல் ஆறு வயது வரையிலான ஆறு எந்திரங்கள் இருக்கும். அவற்றின் அந்த ஆண்டுத் தேய்மானத்தைக் கூட்டினால், ஓர் எந்திரத்தின் முதல் ஆறு ஆண்டுத் தேய்மானத்தைக் கூட்டியதற்குச் சமமாக வரும். நேர்கோட்டில் அது 38 இலட்சம், குறைந்து செல் முறையில் 69.82 இலட்சம். முதல் ஆண்டில் 11.77 இலட்சமாக இருந்த இலாப வேறுபாடு ஆறாம் ஆண்டில் 31.82 இலட்சமாக வளர்ந்து நிற்கிறது. அதன் பிறகு அது மெல்லக் குறைந்து, பதினைந்தாம் ஆண்டில்தான் இரண்டு முறைகளும் ஒரே தொகையைத் தொடும். ஆண்டுதோறும் முந்தைய ஆண்டைவிட அதிக விலைக்கு எந்திரம் வாங்கிக்கொண்டிருந்தால் அப்போதும் தொடாது. புது எந்திரங்களின் கனமான முதலாண்டுத் தேய்மானம் பழையவற்றின் இலேசான தேய்மானத்தை எப்போதும் மீறிக்கொண்டே இருக்கும். வளரும் நிறுவனத்தில் “பின்னால் சரியாகிவிடும்” என்ற அந்தப் பின்னாள் தள்ளித் தள்ளிப் போவதற்குக் காரணம் இதுதான். பாடநூல்களில் ஒற்றை எந்திரத்துக்கு மட்டும் அட்டவணை போட்டுக் காட்டுவதால் இது மாணவர்களின் கண்ணில் படாமல் போகிறது என்பது என் எண்ணம்.

மிகுந்த நேரம் எடுத்துக்கொண்ட கேள்வி இதன் பின் வந்தது. மூன்று ஆண்டு குறைந்து செல் முறையில் எழுதியாயிற்று. நான்காம் ஆண்டில் நேர்கோட்டுக்கு மாறலாமா, மாறினால் என்ன ஆகும்? கேட்டவர் முதலில் எழுந்த அதே உரிமையாளர். அவர் கடன் உயர்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறார் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

மூன்றாம் ஆண்டின் முடிவில் அவருடைய எந்திரத்தின் ஏட்டு மதிப்பு 54.94 இலட்சம். தொடக்கத்திலிருந்தே நேர்கோட்டில் எழுதியிருந்தால் அது 81 இலட்சமாக இருந்திருக்கும். இந்த 26.06 இலட்ச இடைவெளியை என்ன செய்வது என்பதில்தான் பழைய விதியும் இன்றைய விதியும் பிரிகின்றன. முன்பு நடைமுறையில் இருந்த கணக்கியல் தரநிலை 6, முறை மாற்றத்தைக் கணக்கியல் கொள்கை மாற்றமாகக் கருதியது. எந்திரம் ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே புதிய முறையில் மறுபடி கணக்கிட்டு, வரும் வேறுபாட்டை மாறிய ஆண்டின் இலாப நட்டக் கணக்கில் கொண்டுவரச் சொன்னது. அதன்படி நான்காம் ஆண்டில் 6.33 இலட்சம் செலவாகவும் 26.06 இலட்சம் வரவாகவும் எழுதி, வரிக்கு முன் 59.73 இலட்சம் இலாபம் காட்டியிருப்பார்கள். மாறாமலே இருந்திருந்தால் அந்த ஆண்டின் இலாபம் 30.06 இலட்சம் மட்டுமே. ஓர் ஆண்டின் இலாபம் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தோன்ற, எந்திரத்திலோ வியாபாரத்திலோ எதுவும் மாறியிருக்கத் தேவையில்லை.

2016-இல் திருத்தி அறிவிக்கப்பட்ட கணக்கியல் தரநிலை 10 இந்த வழியை அடைத்தது. இப்போது முறை மாற்றம் என்பது மதிப்பீட்டு மாற்றம்; கடந்த ஆண்டுகளைத் தொடக்கூடாது. கையில் உள்ள 54.94 இலட்சத்திலிருந்து 5 இலட்சத்தைக் கழித்து, மிஞ்சும் 49.94 இலட்சத்தை எஞ்சிய 12 ஆண்டுகளுக்குப் பகிர வேண்டும், ஆண்டுக்கு 4.16 இலட்சம் வருகிறது. பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் இந்தியக் கணக்கியல் தரநிலை 16-இலும் இதே விதிதான்.

இதைக் கேட்டவுடன் அரங்கில் சிலர், அப்படியானால் மாறுவதில் ஆதாயம் எதுவும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். அது அவசர முடிவு. நான்காம் ஆண்டில் மாறியவரின் இலாபம் 35.84 இலட்சம், மாறாதிருந்தால் வந்திருக்கக்கூடிய 30.06 இலட்சத்தைவிட அதிகம் என்பது மட்டுமில்லை, தொடக்கத்திலிருந்தே நேர்கோட்டில் இருந்த அண்டை ஷெட்காரரின் 33.67 இலட்சத்தையும் அது மிஞ்சுகிறது. கனமான தேய்மானத்தை முதல் மூன்று ஆண்டுகளில் இறக்கிவைத்துவிட்டு, அதற்குப் பிறகு இலேசான சுமையுடன் நடக்கத் தொடங்கியதால் வந்த பலன் இது. முந்தைய மூன்று ஆண்டுகளின் கணக்கைப் பார்க்காமல் நான்காம் ஆண்டின் கணக்கை மட்டும் கையில் எடுப்பவர், இரண்டு பட்டறைகளில் இதுவே சிறப்பாக நடக்கிறது என்று நினைத்துவிடுவார். பழைய விதியில் இருந்த ஒற்றைப் பெருந்தொகை போய்விட்டது. அதன் இடத்தில் 12 ஆண்டுகளுக்கு நீளும் சிறிய உயர்வு வந்திருக்கிறது. ஒரே ஆண்டில் 26 இலட்சம் தனி வரவாகத் தெரிந்தால் யாரும் கேள்வி கேட்பார்கள். ஆண்டுக்குச் சில இலட்சமாகச் செலவு குறைந்திருப்பதை யாரும் எளிதில் கவனிப்பதில்லை. எனவே புதிய விதி ஒரு முறைகேட்டை ஒழித்தது என்பதை ஏற்கிறேன். வாசகரின் வேலையை எளிதாக்கியது என்று சொல்ல மாட்டேன்.

மாறலாமா என்ற கேள்விக்கு விடை, மாறுவதற்கான காரணத்தைப் பொறுத்தது. எந்திரத்தின் பொருளாதாரப் பயன் எந்த வேகத்தில் தீர்கிறதோ அந்த வேகத்தைக் காட்டும் முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது தரநிலை. ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் அதை மறுஆய்வு செய்யவும் சொல்கிறது. முதலில் ஒரே வாடிக்கையாளருக்காகக் கடும் வேகத்தில் ஓடிய எந்திரம், இப்போது பல வாடிக்கையாளர்களின் வேலையைச் சீராகச் செய்யத் தொடங்கியிருக்கிறது என்றால், அதை உற்பத்திப் பதிவேடுகள் காட்டும். அப்போது மாற்றம் நியாயமானது. வங்கிக்குக் காட்ட இலாபம் போதவில்லை என்பது காரணமாகாது. எந்திரம் தேயும் விதம் மாறியதற்கு என்ன சான்று என்று ஆடிட்டர் கேட்பார், கேட்க வேண்டும். மாற்றம் செய்தால் அதன் தன்மையையும், இலாபத்தின் மீது அதற்குள்ள தாக்கத்தின் தொகையையும் குறிப்புகளில் வெளியிட வேண்டும். அந்த உரிமையாளரிடம் இதை நேராகவே சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை, அப்படியென்றால் வேண்டாம் சார் என்று உட்கார்ந்துவிட்டார்.

எந்திரத்தை இடையில் விற்றால் என்ன ஆகும் என்று இன்னொருவர் கேட்டார். ஐந்தாம் ஆண்டின் முடிவில் 50 இலட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். நேர்கோட்டில் அப்போதைய ஏட்டு மதிப்பு 68.33 இலட்சம் என்பதால் 18.33 இலட்சம் நட்டம் பதிவாகும்; குறைந்து செல் முறையில் 36.85 இலட்சம் என்பதால் 13.15 இலட்சம் இலாபம் பதிவாகும். ஒரே எந்திரம், ஒரே விலை, ஒருவருக்கு நட்டம், இன்னொருவருக்கு இலாபம். ஐந்தாண்டுத் தேய்மானத்தையும் விற்பனையில் வந்த நட்டத்தையோ இலாபத்தையோ சேர்த்துப் பார்த்தால் இருவருக்கும் செலவு 50 இலட்சம்தான். சொத்து விற்பனையில் இலாபம் என்ற பதிவு, வணிகத்திறமையால் வந்த வரவு என்பதைக் காட்டிலும், கடந்த ஆண்டுகளில் தேவைக்கு மேல் எழுதிய தேய்மானம் திரும்பி வருவதாகவே பெரும்பாலும் இருக்கும். ஒரு நிறுவனத்தில் இந்தப் பதிவு ஆண்டுதோறும் நட்டமாகவே வந்துகொண்டிருந்தால், அங்கே ஆயுட்காலத்தை நீட்டியோ எஞ்சும் மதிப்பை உயர்த்தியோ மதிப்பிட்டு, இதுவரை காட்டிய இலாபங்களை மிகைப்படுத்தியிருக்கிறார்கள் என்று ஐயுறலாம்.

பின் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு வங்கி அதிகாரி, கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் தம்மைப் போன்றவர்கள் இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். தவணை கட்டும் திறனைக் கணக்கிடும்போது தேய்மானத்தை இலாபத்தோடு திரும்பக் கூட்டிவிடுவதால் அங்கே முறை அதிகம் உறுத்தாது. கடனுக்கும் சொந்த மூலதனத்துக்கும் உள்ள விகிதத்தில்தான் அது உறுத்தும். ஆறாம் ஆண்டின் முடிவில் ஓர் எந்திரத்தை வைத்தே இரு பட்டறைகளின் மூலதனமும் வரிக்கு முன் 31.82 இலட்சம் வேறுபடுகிறது.

அவருக்கு நான் சொன்ன வழி மிக எளியது. கணக்கியல் கொள்கைக் குறிப்பில் முறையின் பெயர் இருக்கும். அதைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. நிலைச் சொத்துக் குறிப்பில் எந்திரங்களுக்கான தொகைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டின் தேய்மானத்தை மொத்த அடக்கவிலையால் வகுத்து, நான்கைந்து ஆண்டுகளுக்கு வரிசையாக எழுத வேண்டும். நேர்கோட்டு நிறுவனத்தில் அது 6.3 விழுக்காட்டை ஒட்டி அசையாமல் நிற்கும். புது எந்திரங்கள் சேராத குறைந்து செல் நிறுவனத்தில் 18.1, 14.8, 12.1 என்று படிப்படியாக இறங்கும். நம் எடுத்துக்காட்டில் மாறியவரின் கணக்கிலோ 12.1-இலிருந்து ஒரே தாவலில் 4.2-க்கு விழுந்து, அங்கேயே தட்டையாக நிற்கும். தட்டையாக நிற்பது நேர்கோட்டின் அடையாளம், 6.3-க்குக் கீழே நிற்பது வேறு ஏதோ நடந்திருப்பதன் அடையாளம். ஆயுள் முடிந்தும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய எந்திரங்கள் அடக்கவிலையில் நிறைய இருந்தாலும், 15-ஐவிட நீண்ட ஆயுளைத் தெரிவு செய்திருந்தாலும் இதே அடையாளம் வரும் என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. எந்த ஆண்டில் தாவல் நடந்தது என்று தெரிந்துகொண்டு, அந்த ஆண்டின் குறிப்பைத் தேடிப் படிக்க இது போதும். நிலமும் கட்டடமும் சேர்ந்த மொத்தத் தொகையை வைத்து வகுத்தால் இந்தத் தாவல் கரைந்து காணாமல் போய்விடும். நிலத்துக்குத் தேய்மானமே கிடையாது, ஆலைக் கட்டடத்துக்கு ஆயுள் 30 ஆண்டு.

நேரம் முடிந்துவிட்டது என்று அமைப்பாளர்கள் சைகை காட்டிய பிறகு, ஒரு பட்டறை மேற்பார்வையாளர் தயங்கிக் கையை உயர்த்தினார். முறையைப் பற்றியே பேசுகிறீர்கள், எங்கள் எந்திரம் ஆண்டு முழுவதும் இரண்டு ஷிஃப்ட் ஓடுகிறதே, அதற்கு ஏட்டில் இடம் உண்டா என்றார். அன்று கேட்கப்பட்டவற்றில் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது இந்தக் கேள்விதான். இரண்டாம் அட்டவணையில் உள்ள ஆயுட்காலங்கள் ஒற்றை ஷிஃப்டை அடிப்படையாகக் கொண்டவை. இரண்டு ஷிஃப்ட் ஓடும் காலத்துக்குத் தேய்மானத்தை 50 விழுக்காடும், மூன்று ஷிஃப்ட் ஓடும் காலத்துக்கு 100 விழுக்காடும் உயர்த்த வேண்டும். இந்த உயர்வு பொருந்தாது என்று அட்டவணையே குறித்துள்ள சொத்துகளுக்கு மட்டும் விலக்கு. அவருடைய எந்திரத்துக்கு நேர்கோட்டில் 6.33 இலட்சம் என்பது 9.50 இலட்சமாக வேண்டும். முறையைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடிவிட்டு, ஷிஃப்டைக் கேட்காமல் 6.33 இலட்சத்தை எழுதிவைத்தால், ஆண்டுக்கு 3.17 இலட்சம் இலாபம் இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டப்படுகிறது. நான் பார்த்த சிறு நிறுவனங்களின் கணக்குகளில் தவறான முறையைவிட இந்தத் தவறே அதிகம் தென்பட்டிருக்கிறது. கணக்கு எழுதுபவர் பட்டறைக்குள் போவதில்லை, பட்டறையில் இருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் ஆயுளையே 10 ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாமா என்று, முதலில் கேட்ட உரிமையாளர் திரும்பவும் எழுந்தார். 95 இலட்சத்தைப் பத்தால் வகுத்தாலும் அதே 9.50 இலட்சம்தான் வருகிறது என்பதை அவர் மனக்கணக்காகவே போட்டுவிட்டிருந்தார். வைத்துக்கொள்ளலாம். அட்டவணையிலிருந்து வேறுபடும் ஆயுளைத் தெரிவு செய்தால் அதைக் கணக்கில் வெளியிட்டு, தொழில்நுட்ப அறிவுரையின் ஆதரவோடு நியாயப்படுத்த வேண்டும். இரண்டு ஷிஃப்ட் ஓட்டத்தை மனத்தில் வைத்தே 10 ஆண்டு என்று மதிப்பிட்டால், அதன் மேல் மறுபடியும் 50 விழுக்காடு ஏற்றினால் அதே தேய்வை இருமுறை எழுதியதாகும். அந்த மதிப்பீட்டை யார் தருவது என்று கேட்டார். எந்திரத்தைப் பராமரிக்கும் பொறியாளர் என்றேன். எந்திரத்தின் திரையிலேயே ஸ்பிண்டில் ஓடிய மணிநேரம் பதிவாகிக்கொண்டிருக்கிறது, மாதக் கடைசியில் அதைக் குறித்துவைக்கத் தாம் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றார் உரிமையாளர். பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர், வரும் முதல் தேதியிலிருந்து எழுதிவைக்கிறேன் முதலாளி என்றார்.